72 மணி நேரமும் ஒரு மக்காச்சோளக் கொல்லையும்

பயிர்க் காப்பீட்டுச் சுற்றறிக்கையை முழுதாகப் படிப்பவர்கள் சங்கராபுரத்தில் இரண்டே பேர். ஒருவர் அதை அச்சுக்குக் கொடுத்தவர், இன்னொருவர் பயிரைப் பறிகொடுத்தவர். "உயர்திரு ஐயா அவர்களுக்கு" என்று தொடங்கும் வெள்ளைத்தாள் மனுவை ஓரங்கட்டிவிட்டு, நஷ்டத்தை Crop Insurance செயலியிலோ 14447 என்ற எண்ணிலோ சொல்லச் சொல்கிறது அந்தச் சுற்றறிக்கை. வங்கியிலும் வேளாண் அலுவலகத்திலும் சொல்லும் பழைய வழி விதியில் இருக்கிறது. ஆனால் அவர்களும் தகவலைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தள்ளிவிட வேண்டியவர்கள்தான்.

சேதம் நடந்த 72 மணி நேரத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்பதுதான் அதில் முக்கியமான வரி. வழக்கம்போல அதுதான் பொடி எழுத்தில் இருக்கும்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் மழை கொட்டித் தீர்த்தபோது ஞாயிறு ஆகியிருந்தது. புயலுக்கு அலுவலக நாள் பார்த்து வரும் பழக்கமில்லை. ஞாயிறு இரவு ஒருவரின் மக்காச்சோளக் கொல்லையில் தண்ணீர் ஏறியது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கெடு புதன் இரவோடு முடிகிறது. உதவி எண்ணுக்கு அச்சிட்டிருக்கும் நேரத்தைச் சுவரில் எழுதிவைக்கலாம், தவறில்லை. கெடுவுக்குத்தான் இரவும் விடுமுறையும் கிடையாது.

திங்கள் காலை அவர் செய்யவேண்டியது அதிகமில்லை. செயலியில் Continue as Guest, பிறகு Crop Loss, அதற்குள் Crop Loss Intimation. கைப்பேசி எண்ணைப் போட்டால் ஓடிபி வரும். எந்த எண் என்பதில்தான் கதை. திருப்பூரில் தறியோட்டும் மகனின் எண்ணைப் போட்டால் ஓடிபி திருப்பூருக்குப் போகும். தறி இரைச்சலில் அவன் கவனித்துத் திரும்பக் கூப்பிடுவதற்குள் அது காலாவதியாகிவிடும். கொல்லையில் நிற்பவரின் எண்ணே போதும். அடுத்து பருவம், ஆண்டு, மாநிலம், பதிவு செய்த இடம் வங்கியா பொது சேவை மையமா என்ற கேள்வி, விண்ணப்ப எண். அந்த எண் பிரீமியம் கட்டியபோது கொடுத்த ரசீதில் இருக்கும். ரசீது கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே இருக்கும்.

சேதத்தின் காரணம் என்ற கட்டத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். தனித்தனிக் கொல்லையாகப் பார்த்து இழப்பீடு தருவது ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குதல், மேகவெடிப்பு, மின்னல் தீ போன்றவற்றுக்கு மட்டும். கோபத்தில் வறட்சி, பூச்சி, மழை எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல ஆசை வரும். நம்மவர் தொடவேண்டியது தண்ணீர் தேங்கியதை மட்டும்தான்.

படத்தைக் கொல்லையிலேயே நின்று எடுக்க வேண்டும். படத்தோடு இடக்குறிப்பும் போவதால், திண்ணையில் உட்கார்ந்து எடுத்தால் திண்ணையில் வெள்ளம் வந்ததாகத்தான் கணக்கு. வேட்டி மடித்துக்கட்டிச் சிரித்தபடி நிற்கும் உரிமையாளரும் படத்துக்கு அவசியமில்லை. தேங்கிய நீரும், அதில் நிற்கும் பயிரும் தெரிந்தால் போதும். வியாழக்கிழமை எடுத்தால் நீர் வடிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். அனுப்பி முடித்ததும் Docket ID என்று ஓர் எண் வரும். அது வரவில்லையென்றால் சொன்னது பதிவாகவில்லை என்று அர்த்தம்.

"வி.ஏ.ஓ. வந்து எழுதிக்கிட்டுப் போயிட்டாருப்பா" என்று நிம்மதியாக இருந்துவிடுபவர்கள் உண்டு. அவர் எழுதுவது அரசின் நிவாரணத்துக்கு. காப்பீட்டு நிறுவனத்துக்கு அந்த நோட்டு இருப்பதே தெரியாது. இதை ஊரில் விளக்குவதற்கு இன்னொரு புயல் தேவைப்படும்.

தகவல் போன 48 மணி நேரத்துக்குள் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், பத்து நாளுக்குள் அளவெடுத்து முடிக்க வேண்டும் என்கிறது விதி. பக்கத்து நெல் வயல்காரருக்கு அப்போது இந்த ஓட்டமே இல்லை. 2018இல் திருத்திய விதியில், நெல் தண்ணீரில் வாழும் பயிர் என்று சொல்லி, வெள்ளம் தேங்குவதற்கான தனி இழப்பீட்டிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கழுத்தளவு மூழ்கினாலும் அறுவடைச் சோதனையில் ஊர் மகசூல் குறைந்தால்தான் அவருக்குப் பணம். அதற்குத் தனியாகத் தகவல் சொல்லவும் வேண்டாம்.

2026 காரிஃப் முதல் நெல் வெள்ளத்தை மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. கூடவே வன விலங்குச் சேதமும் வருகிறது. கல்வராயன் அடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவலிருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்ட செய்தி இதுதான். எந்த விலங்கு, எந்த மாவட்டம் என்று மாநிலம் பட்டியல் போட வேண்டும். பட்டியலில் பன்றி இருந்தால் அதே செயலி, அதே 72 மணி நேரம், இடக்குறிப்போடு படம். மலைமேல் சேராப்பட்டுப் பக்கத்துக்காரர் என்றால் ஓடிபி வாங்க முதலில் டவர் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போகவேண்டியிருக்கலாம்.