எல்லாரும் முதல் ஐந்து சதவீதம்

நவம்பர் பிறந்துவிட்டால் நம் துறைத்தலைவர் வள்ளலாகிவிடுவார். இன்டர்னலில் அரை மார்க் கூட்டிப்போட மூன்று வருஷம் மூக்கால் அழவைத்தவர், "அமெரிக்காவுக்கு எம்.எஸ். அப்ளை பண்றேன் சார், எல்.ஓ.ஆர். வேணும்" என்று யார் வந்து நின்றாலும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். "பேரு, சிஜிபிஏ, ப்ராஜெக்ட் டைட்டில் மட்டும் வாட்ஸ்அப்ல போட்டு விடுப்பா, லிங்க் வந்ததும் ஏத்திர்றேன்" என்பார். முன்பு இதற்கென்று ஒரு வேர்டு ஃபைல் வைத்திருந்தார். பெயரை மட்டும் மாற்றுவார். மாற்ற விட்டுப்போன மூன்றாம் பத்தியில் மாணவன் திடீரென்று மாணவியாகியிருப்பான். 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்ததோடு அந்தப் பிழை ஒழிந்தது. இப்போது கடிதத்தில் ஆண்பால் பெண்பால் சுத்தம், நிறுத்தற்குறி சுத்தம், ஆங்கிலம் ஆக்ஸ்போர்டு. ஒரே குறை, கடிதத்துக்குள் மாணவனைத்தான் காணோம்.

அவர் கடிதத்தில் பெயரடை ஒருபோதும் தனியாக வராது, மூன்று மூன்றாகத்தான் வரும். மாணவர் கூர்மையானவர், விடாமுயற்சியுள்ளவர், கூட்டுணர்வு மிக்கவர். அடுத்த வரியில் இன்னொரு மூன்று. பிறகு "ஒரு குறிப்பிட்ட சம்பவம் நினைவுக்கு வருகிறது" என்று ஒரு பத்தி தொடங்கும். படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ப்ராஜெக்டின்போது அணி எதிர்பாராத சவாலைச் சந்தித்தது, மாணவர் நிதானத்தோடும் பகுப்பாய்வுத் திறனோடும் தலைமைப் பண்போடும் அதைத் தீர்த்து வைத்தார், அனைவரும் வியந்தனர். என்ன சவால், எந்த லேபில், எப்படித் தீர்த்தார்? கடிதம் வாய் திறக்காது. குறிப்பிட்ட சம்பவத்தில் குறிப்பிட எதுவுமே இருக்காது.

அதே சம்பவத்தை லேபில் நின்றுகொண்டிருந்தவர் எழுதினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். 8051 போர்டிலிருந்து கணினிக்கு 9600 பாட் வேகத்தில் எழுத்துகளை அனுப்ப வேண்டும். திரையில் குப்பை குப்பையாக வருகிறது. மற்ற பேட்ச் பிள்ளைகள் கேபிளை மாற்றி மாற்றிச் செருகுகிறார்கள். ஒருவன் மட்டும் போர்டில் இருக்கும் கிரிஸ்டலைப் பார்க்கிறான். 11.0592 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 12 இருக்கிறது. லேப் மேனுவலில் உள்ள டைமர் மதிப்பை அப்படியே போட்டால் 9600க்குப் பதிலாக ஏறக்குறைய 10417 வரும், எட்டரை சதவீதப் பிழையில் எழுத்து தேறாது என்று ரெக்கார்டு நோட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டுகிறான். 12 மெகாஹெர்ட்ஸுக்கு ஒத்துப்போகும் 4800க்கு வேகத்தை இறக்கி வேலையை முடிக்கிறான். இதில் ஒரு பெயரடைகூட இல்லை. ஆனால் படிக்கிற அமெரிக்கப் பேராசிரியருக்கு, இந்தப் பையன் கோளாறைக் குருட்டாம்போக்கில் தேடுகிறவன் அல்ல என்பது புரிந்துவிடும். எழுதியவர் பக்கத்தில் நின்று பார்த்தவர் என்பதும் புரியும். சேர்க்கைக் குழுவுக்கு இரண்டாவதுதான் முக்கியம். பையன் சொல்வதற்கு அவனுடைய எஸ்.ஓ.பி. இருக்கிறது, மதிப்பெண்ணுக்கு டிரான்ஸ்கிரிப்ட் இருக்கிறது. பார்த்தவர் சாட்சி வேண்டும் என்றுதான் மூன்று கடிதம் கேட்கிறார்கள்.

துறைத்தலைவருக்கு ஒரு பயம் உண்டு, மெஷின் எழுதியதைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. அந்தப் பயம் தேவையில்லாதது. கண்டுபிடிக்கும் மென்பொருள்களை நம்பி யாரையும் தள்ள முடியாது. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு மென்பொருள்களுக்கு டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை அவை மெஷின் கணக்கில் எழுதிவிட்டன. அவர் பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. தன் கடிதம் தனியாகப் போகிறது என்று அவர் நினைக்கிறார். அங்கே அது ஓர் அடுக்கில் போய் விழுகிறது. ஒரே கல்லூரி, ஒரே துறை, ஒரே டிசம்பர். ஆறு கடிதம் தாண்டுவதற்குள் அதே சவால், அதே வியப்பு. 2024இல் செயற்கை நுண்ணறிவு மாநாடுகளின் மதிப்புரைகளை ஆராய்ந்தவர்கள், 'கமெண்டபிள்', 'மெட்டிகுலஸ்' போன்ற சொற்கள் திடீரென்று பெருகியதைக் கண்டார்கள். கடைசி நாள் நெருங்க நெருங்க மெஷின் வாடை கூடியதாகவும் சொன்னார்கள். பெரிய பேராசிரியர்களும் நம்மவர் ஜாதிதான் போலிருக்கிறது.

பொத்தாம்பொதுவாக எழுதினால் நன்மை இல்லாவிட்டாலும் தீமை இல்லையே என்று கேட்கலாம். தீமை உண்டு. பால் கிரைஸ் என்ற தத்துவவாதி 1975இல் வெளியான கட்டுரையில் இதற்கே ஒரு சிபாரிசுக் கடிதத்தை எடுத்துக்காட்டாகத் தந்தார். தத்துவ ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவனைப் பற்றி, ஆங்கிலம் நன்றாக வரும், வகுப்புக்குத் தவறாமல் வருவான் என்று மட்டும் ஆசிரியர் எழுதுகிறார். பொய் ஒன்றும் இல்லை, திட்டும் இல்லை. ஆனாலும் பையனுக்குத் தத்துவம் வராது என்பது படிப்பவருக்கு விளங்கிவிடுகிறது, சொல்லத் தெரிந்தவர் சொல்லாமல் விட்டதால். ஊர்ப் பள்ளிச் சான்றிதழில் எல்லாருக்கும் 'நடத்தை: நன்று' என்று இருப்பதை யாரும் படிப்பதில்லை. சேர்க்கைக் குழு படிக்கிறது, படித்துவிட்டு இதுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொள்கிறது.

ஜான் நாஷுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் மடக்குவார்கள். 1948இல் அவருடைய பேராசிரியர் டஃபின் பிரின்ஸ்டனுக்கு அனுப்பியது சில வரிகள்தான். பையன் கணித மேதை என்று சொல்லி முடித்துவிட்டார், எடுத்துக்காட்டு ஒன்றும் தரவில்லை. உண்மைதான். ஆனால் மேதை என்ற சொல்லை டஃபின் வருஷத்துக்கு நாற்பது பேருக்கு வழங்கியிருந்தால் அந்தக் கடிதம் செல்லுபடியாகியிருக்காது. நம்மவருடைய ஆன்லைன் படிவத்தைப் பாருங்கள். மாணவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்ற கட்டத்தில் எல்லாருக்கும் 'முதல் 5 சதவீதம்' டிக். அறுபது பேர் வகுப்பில் ஐந்து சதவீதம் என்றால் மூன்று பேர். அந்த மூன்று பேர் இடத்தில் இவர் பன்னிரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறார்.

அவருக்கு நேரமில்லை என்பது நியாயமான பதில். வகுப்பு, வினாத்தாள், நாக் கமிட்டி ஃபைல்கள், இவற்றுக்கு நடுவே நாற்பது கடிதம். ஆங்கிலத்தைச் சீர்செய்ய மெஷினைக் கூப்பிட்டால் யார் குறை சொல்வார்கள்? உள்ளே போடச் சரக்கு வேண்டும் என்பதுதான் கேள்வி. எந்த லேப், என்ன செய்தான் என்பதை மாணவனிடமே ஒரு பக்கத்தில் எழுதி வாங்கலாம். ஆனால் வகுப்பில் அவன் எத்தனையாவது ஆள் என்பதை அவனால் எழுத முடியாது. அதனால்தான் "நீயே டிராஃப்ட் பண்ணிட்டு வா" என்ற பழைய வழியும் தேறவில்லை. அதில் ஒரு வேடிக்கை வேறு. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று அமெரிக்கச் சட்டப்படி விண்ணப்பத்தில் டிக் அடிப்பவன், அந்தக் கடிதத்தை முந்தின நாள் இரவு தானே எழுதியவன்.

மனுஷர் கெட்டவரல்ல. இல்லை என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாராளத்துக்கு விலை கொடுப்பவர் அவரல்ல. கிரிஸ்டலைப் பார்த்த பையனும் கேபிளை மாற்றிய பையனும் ஒரே கடிதத்தோடு போய் நிற்கிறார்கள். கட்டணம் கட்டி, கடன் விசாரித்து, மார்ச் வரை காத்திருந்து, ஏன் கிடைக்கவில்லை என்று தெரியாமலே முதலாமவன் திரும்புகிறான். படிவத்தின் கடைசியில், மாணவர் முன்னேற வேண்டிய இடம் எது என்று ஒரு கேள்வி இருக்கும். மெஷின் எல்லாருக்கும் ஒன்றையே எழுதுகிறது: சில சமயம் அளவுக்கு மீறிக் கச்சிதம் பார்ப்பவர். ரெக்கார்டு நோட்டை ஒரு நாளும் நேரத்துக்கு வைக்கமாட்டான் என்று அவர் ஒரே ஒரு வரி கைப்பட எழுதியிருந்தால், மேலே எழுதிய புகழ்ச்சி அத்தனையையும் நம்பியிருப்பார்கள்.