பில்லை மிஞ்சிய மிச்சம்

வங்கி முகாமையாளருக்கு நான் எழுதிய கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல இடம் வராது.

முள்ளிவாய்க்காலில் வீட்டோடு ஒரு கொட்டில் போட்டு ஆறு மெஷின் வைத்திருக்கிறேன். மார்கழி வந்தால் பள்ளிக்கூட யூனிபோம் மலைபோலக் குவியும். தை மாதத்தில் பிள்ளைகள் தைக்காத வெள்ளைத் துணியோடு வாசலில் நின்று அழும். அதிலே 2022ஆம் ஆண்டு பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அன்றைக்குத்தான் எனக்குச் சோலார் ஆசை பிடித்தது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. பஞ்சம் இல்லாத ஒரே சாமான் அதுதான்.

அரசாங்கம் 2016இல் கூரைச் சோலாருக்கு ஒரு திட்டம் தொடங்கி அதற்குச் 'சூரிய பல சங்கிராமய' என்று பெயர் வைத்தது. சங்கிராமம் என்றால் யுத்தம். எங்கட ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் ஆட்கள் கூரையைப் பார்க்கமாட்டார்கள், பங்கர் வெட்ட இடம் பார்ப்பார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் பிந்திப்போனேன் என்று என் மனுசனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

சோலார் கொம்பனிப் பொடியன் ஒருவன் வந்து கூரையை அளந்தான், தேத்தண்ணி குடித்தான், மூன்று கிலோவாட்டுக்கு ஆறரை லட்சம் என்று கொட்டேஷன் தந்தான். மிச்சம் எவ்வளவு வரும் என்ற கணக்கை நானே போட்டேன். அங்கேதான் விதி புகுந்தது.

ஒவ்வொரு மெஷின் மோட்டரிலும் ஒரு தகட்டில் 400 வாட் என்று அடித்திருக்கும். ஆறு மெஷினுக்கு 2,400. எட்டு மணித்தியாலம் ஓடினால் நாளுக்கு 19 யூனிற் சொச்சம். மாதம் இருபத்தைந்து நாள் வேலை, ஆகவே 480 யூனிற். யூனிற் 35 ரூபா வீதம் 16,800 ரூபா. 'சூரியனால் எமக்கு மாதாந்தம் ரூபா 16,800 சேமிக்கப்படும்' என்று எழுதி, அடிக்கோடும் இட்டு, மேலே 'பெருமதிப்பிற்குரிய' என்று போட்டேன். இவர் வலை பொத்திக்கொண்டிருந்த இடத்திலிருந்தே கேட்டுவிட்டு, "நல்லாயிருக்கு, 'மிகவும்' எண்டும் ஒண்டு சேரும்" என்றார். சேர்த்தேன்.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஆடின ஆட்டத்தில் கடிதம் கசங்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். மனேஜர் என் மூத்தவனின் வயசுப் பிள்ளை. மிகவும் மரியாதையாக வாசித்தார். பிறகு நான் இணைத்திருந்த கரண்ட் பில்லை எடுத்து அதையும் மரியாதையாக வாசித்தார்.

"அம்மா, உங்கட பில் எவ்வளவு?"

"பதினோராயிரம் வரும், சேர்."

"பதினோராயிரம் கட்டுற ஆளுக்கு மாதம் 16,800 எப்பிடி மிஞ்சும்?"

மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. பக்கத்து மேசைப் பிள்ளை கணினிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. ஆறரை லட்சத்தை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியில் ஐந்து வருஷத்துக்குத் தந்தால் மாதம் 14,459 ரூபா கட்டவேண்டும் என்று மனேஜர் தட்டிக் காட்டினார். பில் முழுவதும் பூச்சியமானாலும் நான் மாதம் மூவாயிரத்து நானூறு ரூபாவுக்கு மேல் சூரியனுக்குக் கைக்காசு கொடுக்கவேண்டி வரும். பூச்சியமாகவும் ஆகாதாம், நிலையான கட்டணம் என்று ஒன்று எப்போதும் நிற்குமாம்.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. "கரண்ட் நிண்டாலும் வேலை நடக்குமே சேர்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். பற்றரி இல்லாமல் கம்பியோடு இணைக்கிற சோலார், கம்பியில் கரண்ட் நின்றால் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் என் கூரைக் கரண்ட் ரோட்டுக் கம்பியில் ஏறி, அங்கே திருத்துகிற மனுசனைக் கொன்றுவிடும். 2025 மாசி 9ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறையில் குரங்கு ஒன்று உப மின்நிலையத்தில் பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னாரே, அன்றைக்குக் கொளுத்துகிற வெயிலில் சோலார் வீடுகளும் சேர்ந்தே நின்றன. ஆறரை லட்சம் கொடுத்தாலும் குரங்கு நினைத்தால் நான் கையால்தான் தைக்கவேண்டும்.

கடைசியில் அவர் ஒரு வேலை தந்தார். "மோட்டர்த் தகட்டை நம்பாதேங்கோ அம்மா, மீற்றரைப் பாருங்கோ."

எங்கள் மீற்றரில் ஒரு சிவப்பு லைற் மின்னும். பக்கத்தில் 1600 imp/kWh என்று அடித்திருக்கிறது, ஆயிரத்து அறுநூறு தரம் மின்னினால் ஒரு யூனிற் என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிறுத்தினேன், பிறிட்ஜ் உட்பட. ஒரே ஒரு மெஷினைப் போட்டுவிட்டு, தைக்காமல், பெடலில் கால் வைக்காமல், மீற்றருக்கு முன்னால் வாங்கு போட்டுக் குந்தினேன். பத்து நிமிஷத்தில் நாற்பது தரம் மின்னியது. நாற்பதை ஆயிரத்து அறுநூறால் பிரித்து, மணித்தியாலத்துக்கு ஆறால் பெருக்கினால் 150 வாட். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, நான் சுவரைப் பார்த்து எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டுவிட்டு, ஒன்றும் கேட்காமல் இவரிடம் போய் "தங்கச்சிக்குச் சுகமோ" என்று விசாரித்தாவாம்.

இரண்டு விஷயம் விளங்கியது. தகட்டில் உள்ள 400, மோட்டர் முக்கி முழுப்பாரம் இழுக்கிற நேரக் கணக்கு, அது எப்போதாவதுதான். மற்றது கொஞ்சம் வயிற்றெரிச்சல். எங்கட பழைய கிளச் மோட்டர், சுவிட்சைப் போட்ட நிமிஷத்திலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டேயிருக்கும். பெடலை மிதித்தால் கிளச் பிடித்து ஊசி ஓடும், விட்டால் ஊசி நிற்கும், மோட்டர் நிற்காது. என்னிடம் தைக்கிற பிள்ளைகள் துணி மடிக்கும்போதும், நூல் கோர்க்கும்போதும், யாருடைய கலியாணம் குழம்பியது என்று ஆராயும்போதும் ஆறு மோட்டரும் ஊம்... என்று கரண்டைக் குடிக்கிறது. மாதம் வருகிற 300 யூனிற்றில் 180 அதற்கே. மிச்சத்தில் பெரும்பங்கு அயன்பெட்டிக்கு. என் கடிதத்தில் அயன்பெட்டி என்ற சொல்லே இல்லை, தினமும் அதில் கை சுட்டும் மறந்திருக்கிறேன்.

சேர்வோ மோட்டர் என்று ஒன்று இருக்கிறது. மிதித்தால் மட்டும் சுற்றும். போட்டால் அந்த 180 அறுபதாகும் என்று கடைக்காரர் சொன்னார். நான் ஒரு மெஷினுக்கு மட்டும் இரவலாகப் போட்டு மறுபடியும் வாங்கில் குந்தி எண்ணிப் பார்த்த பிறகே நம்பினேன். 120 யூனிற் குறைந்தால் 4,200 ரூபா. ஆறு மோட்டருக்கு ஒன்றரை லட்சம் கடன் கேட்டால் மாதத் தவணை 3,337.

புதுக் கடிதம் அரைப்பக்கம். 'மிகவும்' இல்லை, சூரியனும் இல்லை, மீற்றர் கணக்கு மட்டும். சோலார் பிறகு, அதுவும் மிஞ்சுகிற 180 யூனிற்றுக்கு ஏற்ற ஒன்றரைக் கிலோவாட் காணும் என்று கீழே ஒரு வரி. மனேஜர் சிரிக்காமல் கையெழுத்து வைத்தார்.

மோட்டர்கள் வந்து மூன்று மாதம். கொட்டிலில் ஊம் சத்தம் அடங்கிவிட்டது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் மெஷினுக்குப் பின்னால் குனிந்து என்ன கதைக்கிறார்கள் என்று இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது. முக்கால்வாசியும் என்னைப் பற்றித்தான்.