பதினேழாம் எண் காலி

அரையாண்டுத் தேர்வு முடிந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை, வகுப்பாசிரியருக்கு மதிப்பெண் பட்டியல். ஐந்து பாட ஆசிரியர்களும் மதிப்பெண்ணை அனுப்புவார்கள், நான் ஒரே அட்டவணையாக்கி ஹெச்.எம். மேசையில் வைக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமான வேலைதான்.

தமிழய்யா வாட்ஸ்அப்பில் ஒரே மூச்சில் தட்டிவிடுவார்: "1-78, 2-65, 3-வரல." ஆங்கில டீச்சர் எக்செல்லில் அனுப்புவார், ஆனால் முதல் மதிப்பெண்ணிலிருந்து கடைசி மதிப்பெண் வரை தர வரிசையில். அறிவியல் டீச்சர் "10B07" என்று வகுப்பையும் பிரிவையும் சேர்த்தே எண் போடுவார். சமூக அறிவியல் சார் "10-7" என்று எழுதுவார். அதை அப்படியே ஒட்டினால் எக்செல் அந்தப் பையனை ஜூலை 10 ஆக்கிவிடும். பிறந்தநாள் வாழ்த்து சொல்லலாம், மதிப்பெண் போட முடியாது. தேதியாக மாறிய பிறகு பழைய எண்ணை மீட்பது பெரும்பாடு. அதனால் ஒட்டுவதற்கு முன்பே அந்த நிரலை 'Text' என்று மாற்றிவிடுவேன்.

பாடத் தலைப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒருவருக்கு 'SS', இன்னொருவருக்கு 'Social', மூன்றாமவருக்கு வெறும் 'மார்க்'. எந்தப் பாடத்து மார்க் என்றால், "நான் என்ன பாடம் எடுக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்று கோபம் வேறு.

புதிதாக வரும் வகுப்பாசிரியர்கள் எல்லாப் பட்டியலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவிட்டு, வரிசைப்படுத்தும் பொத்தானை நம்புவார்கள். எண்கள் எழுத்தாகப் பதிந்திருந்தால் 1, 10, 11, 12 என்று 19 வரை போன பிறகுதான் 2 வரும். எண் நிரலை மட்டும் தேர்ந்தெடுத்து அழுத்தினால் 'Expand the selection' வேண்டுமா என்று எக்செல் ஒரு கேள்வி கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எண்கள் மட்டும் ஒழுங்காக நிற்கும், மதிப்பெண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். யாருடைய மதிப்பெண் யாருக்கு என்பதை அதன்பிறகு ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும்.

நான் எதையும் வரிசைப்படுத்துவதில்லை. வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்ணையும் பெயரையும் முதலில் நானே வரிசையாகத் தட்டிவிடுவேன். பக்கத்தில் தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று தலைப்புகள். தேர்வறையில் முதலில் பெஞ்சில் எண் ஒட்டுகிறோம், பிறகுதான் பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். ஒவ்வொருவரும் அனுப்பியதைத் தனித்தனித் தாளில் ஒட்டி, எண்ணைத் தேடி மதிப்பெண்ணை எடுத்து வரச் சொல்வேன்:

```
=VLOOKUP($A2,Maths!$A:$C,3,FALSE)
```

கடைசியில் இருக்கும் FALSE-ஐ விட்டுவிடக் கூடாது. விட்டால், தேடிய எண் கிடைக்காதபோது அதற்கு முந்தைய எண்ணின் மதிப்பெண்ணை எடுத்துக் கொடுத்துவிடும். பையன் செய்தால் காப்பி என்று பிடிக்கிறோம், எக்செல் செய்தால் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சூத்திரத்துக்கு எழுத்தாக இருக்கும் 7 வேறு, எண்ணாக இருக்கும் 7 வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் #N/A என்று வரும். வெளியிலிருந்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. அதற்கு ஒரு குளியல் போதும்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(A2,CHAR(160)," ")))
```

10B07 போன்றவற்றுக்கு `=VALUE(RIGHT(A2,2))` போட்டால் வகுப்பும் பிரிவும் கழன்று 7 மட்டும் நிற்கும்.

அடுத்தது தேர்வுக்கு வராதவர்கள். ஆங்கில டீச்சர் அவர்களுக்கு நேராகக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். காலிக் கட்டத்தை VLOOKUP எடுத்து வரும்போது 0 என்று எடுத்து வரும். அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பிள்ளை, தேர்வு எழுதிப் பூஜ்யம் வாங்கியதாகப் பட்டியல் சொல்லும். மறுநாள் அதன் பாட்டி பள்ளிக்கூட வாசலில் நிற்பார். அதனால் காலியாக இருக்கும் ஒவ்வொரு கட்டத்துக்கும் போன் போட்டு, வரவில்லையா, தாள் இன்னும் திருத்தவில்லையா என்று கேட்டு, வராதவர்களுக்கு 'AB' என்று தட்டிய பிறகுதான் சேர்ப்பேன். SUM போட்டுக் கூட்டினால் அந்த AB கூட்டலைக் கெடுக்காது.

அறிவியலுக்கு ஒரு நிரல் போதாது. எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. ஒருவன் எழுத்தில் 18, செய்முறையில் 25 வாங்கினால் மொத்தம் 43. 35-ஐத் தாண்டிவிட்டானே என்று தோன்றும். ஆனால் எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும், ஆகவே அவன் தேர்ச்சி இல்லை. மொத்தத்தை மட்டும் வாங்கிப் போட்டால் இந்த உண்மை அட்டவணைக்குள் வரவே வராது. அதனால் இரண்டையும் தனித்தனியாக வைத்து மூன்றாவது நிரலில் கூட்டுகிறேன்.

இத்தனையும் சரியாக இருந்தும் தப்பாக வந்த பட்டியல் ஒன்று உண்டு. எங்கள் வகுப்பில் 17-ஆம் எண் பையன் ஆகஸ்டில் டி.சி. வாங்கிப் போய்விட்டான். எண்கள் 42 வரை, பிள்ளைகள் 41 பேர். கணக்கு சார் அனுப்பிய பட்டியல் 1 முதல் 41 வரை சீராக இருந்தது. அவர் போட்டது ரோல் நம்பர் அல்ல, வரிசை எண். காலி இடத்தை விடாமல் எண்ணிக்கொண்டே போய்விட்டார், கணக்கு வாத்தியார் அல்லவா!

விளைவைப் பாருங்கள். 18-ஆம் எண் மாணவியின் 91, அவருடைய 17-ஆம் வரியில் இருக்கிறது. என் அட்டவணையில் 17 என்று யாரும் இல்லாததால் அந்த 91 அநாதையானது. 18-க்கு 19-இன் 38 வந்து உட்கார்ந்தது, அதன்பின் எல்லோருக்கும் அடுத்தவர் மதிப்பெண். 42-க்கு மட்டும் #N/A. அந்த ஒன்றைப் பார்த்துப் போன் போட்டால் அவர் தாளைப் புரட்டி, "அவனுக்கு 64 டீச்சர், போட்டுக்கோங்க" என்பார். போட்டுவிட்டால் தீர்ந்தது. 41 பேருக்கும் மதிப்பெண் இருக்கும், ஒரு கட்டத்திலும் பிழை தெரியாது, பட்டியல் அழகாக இருக்கும். அதில் பாதிக்கு மேல் பொய்.

எண்ணிக்கை காட்டிக் கொடுக்காததைக் கூட்டல் காட்டிக் கொடுக்கும். அவர் அனுப்பிய 41 மதிப்பெண்களின் கூட்டுத்தொகையையும் என் கணித நிரலின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் 27 குறையும். போனது 91, இரட்டிப்பாக வந்தது 64. ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே மதிப்பெண் வாங்கியிருந்தால் கூட்டலும் வாயைத் திறக்காது. அதனால்தான் பெயரையும் ஓர் ஓரத்தில் எடுத்து வரச் சொல்கிறேன். 3-க்குப் பதில் 2 போட்டால் ஆசிரியர் எழுதிய பெயர் வரும். வைத்துத் தேடுவதற்குப் பெயர் உதவாது, வகுப்பில் இரண்டு கார்த்திக், ஆளாளுக்கு ஒரு இனிஷியல். ஆனால் சாட்சி சொல்லப் பெயரை விட்டால் ஆளில்லை. 18-க்கு நேராக என் பட்டியலில் ஒரு பெண் பெயரும், அவர் பட்டியலில் வேறொரு பெண் பெயரும் நின்றதும் விஷயம் விளங்கிவிட்டது.

கணக்கு சாரிடம் சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டு, "பதினேழு காலின்னா அடுத்தவனுக்கு அந்த எண்ணைக் கொடுத்துட்டா கணக்கு நேராயிடுமே டீச்சர்" என்றார். மற்ற நான்கு பேரிடமும் அதையே சொல்லி வைத்திருக்கிறாராம். அதில் இரண்டு பேர் சரி என்றுவிட்டார்களாம். முழு ஆண்டுத் தேர்வுக்கு என் வேலை இப்போதே தயார்.