இணுவிலுக்கும் எசனுக்கும் ஒரே காட்

யாழ்ப்பாணத்துக் கலியாணக் காட்டில் மாப்பிள்ளை, பொம்பிளை பெயர்களைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். காலஞ்சென்ற பாட்டனார்மார், பாட்டிமார், பெற்றோர் என்று எல்லோரும் வரிசையாக நின்று முடிந்த பிறகே அவர்களுக்கு இடம் கிடைக்கும். காட் கைக்கு வந்ததும் சொந்தக்காரர் முதலில் பார்ப்பது தங்கள் பக்கத்துப் பெயர்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்பதைத்தான். திகதியைப் பிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம்.

என் தங்கையின் மகளுக்கு 2025 ஆவணியில் இணுவிலில் கலியாணம். பெரியண்ணர் குடும்பம் ஜேர்மனியில், எசன் நகரில் இருக்கிறது. அவருடைய மருமகள் ஜேர்மன்காரி. பேரப்பிள்ளைகள் தமிழ் கதைப்பார்கள், வாசிக்கத் தெரியாது. சித்தியின் பிள்ளைகள் ரொறன்ரோவில். ஆகவே தமிழ், ஆங்கிலம், டொச் மூன்றிலும் காட் அடிப்பதென்று முடிவாயிற்று. எழுதும் வேலை, தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன் என்ற குற்றத்துக்காக, என் தலையில் விழுந்தது.

அதற்குள் பெரியண்ணரே ஒரு தமிழ் வாசகம் எழுதி அனுப்பிவிட்டார். “இணுவிலைப் பிறப்பிடமாகவும் எசனை வதிவிடமாகவும் கொண்ட” என்று தன்னைப் பற்றித் தொடங்கியிருந்தார். வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்ச் செய்தியென்று அவர் தினமும் வாசிப்பது மரண அறிவித்தல்களைத்தான். தங்கை வாசித்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணை, பெரியண்ணை சுகமாத்தானே இருக்கிறார்?”

தமிழ்ப் பக்கம் ஒருவாறு முடிந்தது. விசுவாவசு வருடம் ஆவணி 19ஆம் நாள், வியாழக்கிழமை, முற்பகல் 9.37 தொடக்கம் 10.48 வரையுள்ள சுபமுகூர்த்தம். இதை அப்படியே டொச்சில் போடலாம் என்று மருமகளுக்கு அனுப்பினோம். அவள் பதிலுக்குக் கேள்விகள் அனுப்பினாள். 9.37க்குத் தொடங்குமா? 10.48க்கு முடிந்துவிடுமா? சாப்பாடு எத்தனை மணிக்கு? பிள்ளைகளைக் கூட்டிவரலாமா? வருவதை எந்தத் திகதிக்குள் அறிவிக்கவேண்டும்?

யோசித்துப் பார்த்தால், நம்முடைய காட்டில் இவை ஒன்றுக்கும் பதில் இல்லை. 9.37 என்பது தாலி கட்டும் வேளை திறக்கும் நேரம். சடங்கு எட்டு மணிக்கே தொடங்கிவிடும். முழுவதையும் பார்க்க விரும்புகிறவர் ஏழரைக்கு நிற்கவேண்டும். தாலி கட்டை மட்டும் பார்க்க 9.30 போதும். பதினொன்றுக்கு வருகிறவர் எதைப் பார்க்க வருகிறார் என்று ஊரில் யாரும் கேட்பதில்லை.

ஆகவே டொச் பக்கம் தனியாக எழுதப்பட்டது. 7.30 மாப்பிள்ளை வருகை, 8.00 சடங்கு ஆரம்பம், 9.37க்குப் பின் தாலி கட்டு, 11.30 மதிய போசனம், மரக்கறி மட்டும், பிள்ளைகளுடன் வரலாம். பாட்டன்மார் ஒருவரும் அதில் இல்லை. அடியில், எத்தனை பேர் வருகிறீர்கள் என்று யூலை 15க்கு முன் அறியத்தரவும் என்று ஒரு வரி. அதைத் தமிழிலும் போட்டால் சமையல்காரருக்கு வசதி என்றேன். தங்கை பதறிப்போனாள். “வாறியளோ எண்டு கேக்கிறதும் வராதேங்கோ எண்டு சொல்லுறதும் ஒண்டுதான் அண்ணை!”

ஆங்கிலப் பக்கம் கனடாவுக்கானது. அச்சகத்தார் திகதியை 4/9/2025 என்று போட்டிருந்தார்கள். கனடாவில் மாதத்தை முன்னால் எழுதுகிறவர்களும் உண்டு. அவர்கள் இதை ஏப்ரல் ஒன்பது என்று வாசித்து, கலியாணம் முடிந்துவிட்டதென்று கோபித்துக்கொள்ள இடமிருந்தது. மாதத்தை எழுத்தில் போடச் சொன்னேன்.

அடுத்தது நேரடி ஒளிபரப்பு. செப்டெம்பரில் ஜேர்மனி நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால், ரொறன்ரோ ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். இங்கே 9.37 என்றால் எசனில் காலை 6.07, ரொறன்ரோவில் நள்ளிரவு 12.07. சடங்கு தொடங்கும்போது அங்கே புதன் இரவு பத்தரை. சித்திக்கு இது பொறுக்கவில்லை. “வியாழக்கிழமைக் கலியாணத்தைப் புதன்கிழமை பாக்கிறதோ?” என்றார். தாலி ஏறும்போது அங்கேயும் வியாழன் பிறந்து ஏழு நிமிடம் ஆகியிருக்கும் என்று கணக்குக் காட்டியபிறகுதான் சமாதானமானார். வியாழன் 12.07 என்று மட்டும் போட்டால் அடுத்த இரவு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் “புதன் இரவு பத்தரையிலிருந்து” என்று போட்டோம்.

காட்டுகள் வந்தன. வெளிநாட்டுக்கு மூன்று பக்கமும், ஊருக்குத் தமிழும் ஆங்கிலமும் என்று பிரித்துக் கட்டினோம். முதல் நாளே எதிர்வீட்டு மாமா தன்னுடையதைத் திருப்பிக் கொண்டுவந்தார். பெயர் ஏதும் பிழைத்துவிட்டதோ என்று பயந்தேன்.

“பெயரெல்லாம் சரி தம்பி,” என்றார். “அந்த டொச் காட்டிலை ஒண்டு தாருமன். சாப்பாட்டு நேரம் அதிலைதானாம் கிடக்கு.”