ஓப்பனிங் வீடியோ அக்கா

சிவகாசியில் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார், திருத்தங்கல் பக்கம் போனால் வீட்டுக்கு ஒருவர். வீட்டுக்காரர் அச்சாபீசுக்குக் கிளம்பிய கையோடு இன்ஸ்டாகிராமில் சேலைக்கடை திறந்துவிடுவார். நேரில் "வாங்க மதினி, காப்பி குடிக்கிறீகளா" என்று உருகுகிற அதே மனுஷி, பக்கத்தின் உச்சியில் பின் பண்ணி வைத்திருக்கும் பதிவில் மட்டும் தாசில்தார் ஆகிவிடுவார்.

கேஷ் ஆன் டெலிவரி கிடையாது. ஜிபே பண்ணி ஸ்கிரீன்ஷாட் அனுப்பணும். டெலிவரி ஐந்து முதல் ஏழு நாள், தீபாவளி நேரத்தில் நாள் கணக்கே கேட்கக் கூடாது. கலர் மாறித் தெரிந்தால் அது உங்கள் போன் பிரைட்னஸ். ரிட்டர்ன் இல்லை, டேமேஜுக்கு எக்ஸ்சேஞ்ச் மட்டும். இதெல்லாம்கூடப் போகட்டும். கடைசி வரிக்கு முன்னும் பின்னும் சிவப்பு சைரன் சுழலும்: பார்சல் ஓப்பனிங் வீடியோ மஸ்ட் சிஸ். நோ பாஸ், நோ கட், நோ எடிட்.

அந்த வீடியோவை எடுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் லேபிளில் உள்ள முகவரி தெளிவாகத் தெரிய வேண்டும். பிறகு பார்சலைத் திருப்பித் திருப்பி, டேப் பிரிபடவில்லை என்று ஆறு பக்கமும் காட்ட வேண்டும். பிறகு வெட்ட வேண்டும். ஒரு கையில் போன், ஒரு கையில் பிளேடு, பார்சலைப் பிடிக்க? மாமியாரைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் பிடிப்பார், ஆனால் லேபிளை மறைத்துக்கொண்டு பிடிப்பார். "அத்தை, கைய எடுங்க" என்றால் பார்சலையே கீழே வைத்துவிடுவார். அடுத்து ஜாக்கெட் பிட்டோடு ஆறேகால் மீட்டர் சேலையை முந்தியிலிருந்து விரித்துக் காட்ட வேண்டும். ஹாலில் இடம் போதாமல் அடுப்படி வரை சேலை போகும். பையன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவான். நடுவில் ஒரு இழை விட்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை தென்படும். ஆகா, கிடைத்தது என்று போனைக் கிட்டே கொண்டுபோகும்போது ஒரு கால் வந்து வீடியோ நின்றுவிடும். யாரென்று பார்த்தால் கூரியர் பையன். "அக்கா, பார்சல் வந்துருச்சுல்ல?"

மிச்சத்தை இரண்டாவது வீடியோவாக எடுத்து அனுப்பினால் பதில் உடனே வரும். "சாரி சிஸ், நடுவுல கட் இருக்கு. பின் போஸ்ட் படிக்கலையா?"

இவர் ஏன் இப்படி என்று கோபம் ஆறியபிறகு யோசித்தால், பாவமாகத்தான் இருக்கிறது. நாம் வாங்கிய சேலையை அவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். சரக்கு சேலம் பக்கம் இளம்பிள்ளையிலோ சூரத்திலோ மொத்த வியாபாரியிடம் இருக்கிறது. அந்த வியாபாரி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுகிறார், இவர் தன் லாபத்தைச் சேர்த்து விலை போடுகிறார், பார்சல் அங்கிருந்தே நம் வீட்டுக்கு வருகிறது. நம் வீடியோவையும் இவர் அப்படியே அங்கே ஃபார்வர்டு பண்ணுகிறார். "கட் இருக்கு" என்றது இவரில்லை, அவர். அந்தக் கேப்ஷனே அவர் அனுப்பியதுதான், மேலே கடைப்பெயர் மட்டும் இவருடையது. ஒரு சேலையில் இவருக்கு நிற்பது நூறு ரூபாய் என்று வையுங்கள். போக எண்பது, வர எண்பது என்று கூரியர் செலவை இவரே ஏற்றால் ஒரு எக்ஸ்சேஞ்சில் லாபம் போய் அறுபது ரூபாய் கைநட்டம். தவிர, புதுச்சேலையை வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த கிழிசலைத் திருப்பி அனுப்பும் புண்ணியவதிகளும் நம்மில் உண்டு.

அதற்காக, ஓட்டைச் சேலைக்கு நான் காசு கொடுக்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லையென்றால் முப்பது நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. 2020 மின்வணிக விதிகள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் இதில் சேர்க்கின்றன. கலர் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது செல்லாது. ஆனால் வீடியோ வெட்டுப்படாமல் இருந்தால்தான் ஓட்டை ஓட்டை என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. விற்றவர் இவர், காசு போனது இவர் நம்பருக்கு. இளம்பிள்ளைக்காரரோடு மல்லுக்கட்டுவது இவர் பாடு.

தெருவில் ஒருத்தி இதையெல்லாம் சொல்லி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடப்போவதாகவும் சொன்னாள். அன்று சாயங்காலமே அவளுக்கு ஜிபேயில் பணம் வந்துவிட்டது. மறுநாள் காலை பின் போஸ்ட்டில் புதிதாக ஒரு வரி, நாலு சைரனோடு: "1915-க்குக் கால் பண்ற சிஸ்டர்ஸ் தயவுசெய்து நம்ம கடையில ஆர்டர் போட வேண்டாம்."