பிள்ளைக்கு வெச்ச பொகை

ஏஞ்சாமி, காந்திபுரத்துல மாடி வீடு புடிச்சே, சந்தோசம். பொழுதோட ஜன்னலெல்லாம் சாத்திப்போட்டு, தொட்டிலுக்கடியில கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்தி வெக்கறயே, பிள்ளைக்கு இப்பவே பீடி பழக்கறயாக்கும்? நான் மொட்டைமாடியில ஒண்ணு பத்தவெச்சாலே "அப்பாரு, குழந்தை இருக்குது"ன்னு தொரத்தற ஆளு நீ!

சுருள்ல கொசு மருந்து துளியூண்டு. மத்ததெல்லாம் மரத்தூளு, தேங்காத்தொட்டித் தூளு. ராத்திரி முச்சூடும் கரியறது அதுதான். 2003-ல வந்த ஒரு ஆராய்ச்சியில எரிச்சே அளந்து பார்த்திருக்காங்க. ஒரு சுருள் எரிஞ்சு முடியறதுக்குள்ள வர்ற நுண்துகள், 75-லிருந்து 137 சிகரெட்டு வரைக்கும் சமமாம். என்ற பீடிக்கட்டு தோத்துப்போச்சு போ.

"அப்ப லிக்விட் மெஷின் போட்டுக்கறேன், அதுல பொகையே இல்லீங்களே"ம்பே. பொகை இல்லை, மருந்து இருக்குதல்லோ? திரியைச் சூடாக்கி மருந்தைக் காத்துல கலக்கறதுதான் அதுக்கு வேலை. அடைச்ச ரூமுல அந்தக் காத்து எங்க போகும்? போட்டே ஆகோணும்னா, பிள்ளையை அக்கட்டால வெச்சுட்டு அரைமணி நேரம் போடு. அப்புறம் அமத்தி, பிளக்கைப் புடுங்கி, கம்பிவலை அடிச்ச ஜன்னலைத் திறந்துவிட்டு, பொறவு பிள்ளையைக் கொண்டாந்து போடு. பிள்ளை இருமுனாலோ, மூச்சு இளைச்சாலோ மருந்து ஒத்துக்கலைன்னு அர்த்தம். உடனே வெளிக்காத்துக்குத் தூக்கிட்டுப் போ. இளைப்பு அடங்கலையா, டாக்டர்ட்ட ஓடு.

இதுல மட்டும் கேலி இல்லை, கேட்டுக்கோ. 2023 ஆகஸ்டுல சென்னை மணலி பக்கம் மாத்தூர்ல, ராத்திரி ஓடிட்டிருந்த கொசு மெஷின் சூட்டுல உருகி அட்டைப்பெட்டி மேல உளுந்திருச்சு. பெட்டி கருகிக் கெளம்புன பொகையிலயே, தூங்கிட்டிருந்த பாட்டியும் மூணு பேத்திகளும் போய்ச் சேர்ந்துட்டாங்க. நீ மெஷினை எங்க சொருகியிருக்கறே? மெத்தைக்கும் ஜன்னல் துணிக்கும் நடுவால!

பிள்ளை தவழ ஆரம்பிச்சா இன்னொரு கெரகம். அந்த மெஷின்ல மாட்டற மருந்து பாட்டில்ல இருக்கறது மண்ணெண்ணெய் ஜாதி. குடிச்சுட்டா விரலை விட்டு வாந்தியெடுக்க வெக்காதே. திரும்ப வர்றப்ப நுரையீரலுக்குள்ள எறங்கிரும். பாட்டிலையும் எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

கொசுவலைங்கறியா? "பட்டிக்காட்டுச் சாமான்"னு உன்ற பொண்டாட்டி மூஞ்சியைச் சுளிச்சாளாமே. தொட்டில் முழுசும் மூடறாப்பல மேல கட்டித் தொங்கவிடு. பாய்ல போட்டா ஓரத்தைச் சுத்தியும் அடியில சொருகு. பிள்ளை கையி வலையில ஒட்டிக்கிட்டா கொசு வெளியிருந்தே கடிச்சுப்போடும், அதனால வலை எடமா இருக்கோணும். பகல் தூக்கத்துக்கும் போடோணும். டெங்கு கொசு பட்டப்பகல்ல வர்ற ஒறம்பரை.

மேல பூசற களிம்பா? டீட் கலந்தது ரெண்டு மாசத்துக்குக் கம்மியான பிள்ளைக்கு ஆகாது. பெரிய பிள்ளைக்கும் டாக்டரைக் கேட்டு, துணி மூடாத எடத்துல மட்டும் லேசாத் தடவு. கையில மட்டும் வேண்டாம், கண்ணு. அது அஞ்சு விரலையும் வாய்க்குள்ள வெச்சுத்தான் உன்னையப் பார்த்துச் சிரிக்குது.