பதினைந்து, பதினாறு, பதினெட்டு

மளிகைக்கடை அண்ணாச்சி ஊருக்குப் போவதைச் சொல்லும் அட்டை எப்போதும் சோப்புப் பெட்டியின் பக்கவாட்டிலிருந்து கிழித்ததாகத்தான் இருக்கும். ஷட்டரில் கம்பியால் கட்டித் தொங்கும். ‘வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு’ என்று தொடங்கும். குலதெய்வக் கோவில் கொடை விழாவை முன்னிட்டு இன்ன தேதி முதல் கடை விடுமுறை, இன்ன தேதி முதல் வழக்கம்போல் இயங்கும், சிரமத்திற்கு வருந்துகிறோம், இப்படிக்கு நிர்வாகம். நிர்வாகம் என்றால் அண்ணாச்சியும் அவர் மச்சானும். இந்த அட்டையில் ஒரு தேதி சத்தியம், இன்னொன்று சமாளிப்பு. அடைக்கும் தேதி ஒரு நாள் பிந்திப்போய் யாரும் பார்த்ததில்லை. சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கினால், எட்டு மணி ஒரு நிமிடத்துக்குப் பச்சை மிளகாய் கேட்டு வந்தவருக்குக் கடவுளே வந்தாலும் கிடைக்காது. திறக்கும் தேதிதான் உயிருள்ள பொருள். அது நகரும். அண்ணாச்சிக்கு நாள் கணக்கு தப்பிவிட்டது என்று பலர் பரிதாபப்படுகிறார்கள். அப்படியல்ல. அந்தத் தேதி தப்பு என்பது அதை எழுதும்போதே அவருக்குத் தெரியும்.

நகர்வு எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அதில் ஒரு கைத்திறன் இருக்கிறது. அண்ணாச்சி முதலில் எழுதுவது பெரும்பாலும் ஐந்தில் முடியும் தேதியாக இருக்கும். 15 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தின் வயிற்றை பேனாவால் மூடிவிட்டால் அது ஆறு. ஆறின் தலையைச் சுழித்துவிட்டால் எட்டு. ஆக, அட்டையை மாற்றாமலே மூன்று நாள் கிடைத்துவிடுகிறது. அவரோ ஊரில் இருக்கிறார், திருத்துவது யார்? பக்கத்து இஸ்திரிக்காரர். போன் வரும், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு பேனாவோடு போவார். பதினைந்தாம் தேதி காலையில் பை எடுத்துக்கொண்டு வந்து நிற்பவரிடம் அவரே பதிலும் சொல்வார்: “நாளைக்கு வந்துருவாப்ல.” மறுநாளும் அதே வாக்கியம். மார்க்கர் எழுத்துக்கு மேல் நீல பால்பாயிண்ட் ஓடியிருப்பதைப் பார்த்தாலே இது இரண்டாம் பதிப்பு என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். எட்டுக்குப் பிறகு எழுத்துக்கலைக்கு வழியில்லை. எட்டை எதுவாகவும் ஆக்க முடியாது. அப்போது தேதி இருந்த இடத்தில் ஒரு துண்டுத்தாள் ஒட்டப்படும். அதில் ‘விரைவில்’ என்று மட்டும் இருக்கும்.

தெரியாமல் நேர்வது இது என்பவர்கள் கொடை விழாவின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமையை ஒட்டித்தான் அம்மன் கொடை அமையும். அதற்கு முந்தைய செவ்வாயன்றே கால்நாட்டு நடந்துவிடும். திங்கள் இரவு குடியழைப்பு, செவ்வாய் மதியக்கொடை, அன்றிரவு சாமக்கொடை, புதன் காலையில் படப்புச் சோறும் மஞ்சள்நீராட்டும். அதோடு விழா முடிந்ததென்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம். அடுத்த செவ்வாய் எட்டாம் கொடை இருக்கிறது. அதற்கு முன்னால் ஊரை விட்டுக் கிளம்பினால் நன்றாகவா இருக்கும்? வில்லுக்கும் மேளத்துக்கும் வரி கொடுத்தவர் அண்ணாச்சி. வரவு செலவு வாசிக்கும்போது அவர் பெயர் வரும். அதைக் காது குளிரக் கேட்காமல் யார் வருவார்கள்?

இப்போது 2025-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் சித்திரைக் கடைசிச் செவ்வாய் மே 13. அந்த நாளில் கொடை வைத்த ஊர்க்காரர் சென்னையில் கடை வைத்திருந்தால், 10-ஆம் தேதி சனி இரவு ரயிலேறுவார். அட்டையில் 11 ஞாயிறு முதல் விடுமுறை, 15 வியாழன் முதல் வழக்கம்போல். அதாவது நான்கு நாள். எட்டாம் கொடை 20 செவ்வாய். மறுநாள் இரவு ரயிலேறினால் 22 வியாழன் காலையில் சென்னை. அன்று உடம்பு வலி, வீட்டில் அழுக்குத் துணி, கடையில் எலி. 23 வெள்ளிக்கிழமை, நல்ல நாள், ராகுகாலம் பத்தரைக்குத்தான் வருகிறது, அதற்கு முன்னால் சூடம் காட்டித் திறந்துவிடலாம். ஆக, 11 முதல் 22 வரை பன்னிரண்டு நாள். எழுதியதைப் போல மூன்று மடங்கு. இந்தக் கூட்டலைப் போட ஆறாம் வகுப்பு போதும். அண்ணாச்சியோ பதினேழு சாமானுக்கு வாயாலேயே தொகை சொல்லி, போன மாத பாக்கியையும் சேர்த்துச் சொல்பவர்.

“டிக்கெட் கிடைக்க வேண்டாமா? பாவம், கூட்டம்” என்று ஒரு தரப்பு அவருக்காக வாதாடும். இந்த வாதம்தான் அவருக்கு எதிரான வலுவான சாட்சி. ரயிலில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. கோடை விடுமுறையில் தெற்கிலிருந்து சென்னை திரும்பும் ரயிலில் இடம் வேண்டுமென்றால் திறந்த அன்றே பதிந்தாக வேண்டும், அதை அவரைவிட அறிந்தவர் இல்லை. ஆகவே மே 21-ஆம் தேதி ரயிலுக்கு மார்ச் மாதமே, குடும்பத்தில் அத்தனை பேருக்கும், கீழ்ப் படுக்கை மாமியாருக்கு என்று கேட்டு வாங்கியாகிவிட்டது. மே 9-ஆம் தேதி கல்லாவில் உட்கார்ந்து மார்க்கரால் 15 என்று எழுதும்போது அந்தத் திரும்பும் டிக்கெட் சட்டைப்பைக்குள் போனில் இருக்கிறது. அட்டைக்கும் டிக்கெட்டுக்கும் நடுவே ஒரு சட்டைத்துணிதான்.

பிறகு ஏன் 15? இங்கேதான் அவருடைய வியாபார மூளை தெரிகிறது. பன்னிரண்டு நாள் என்று நேர்மையாக எழுதினால் தெரு என்ன செய்யும்? அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க முடியாதென்று பக்கத்துத் தெருக் கடைக்கோ பெரிய கடைக்கோ போய், ஒரேயடியாக அரைமாதச் சாமானை வாங்கிவிடும். அங்கே துவரம்பருப்பு கொஞ்சம் நன்றாக இருந்து தொலைத்தால் அந்தக் குடும்பம் திரும்பாது. நான்கு நாள் என்று எழுதினால் கதையே வேறு. நான்கு நாளுக்கு என்ன, கைவசம் இருப்பதை வைத்து ஓட்டலாம், இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று அடைப்பதற்கு முந்தின நாள் அவரிடமே வந்து ஒரு கிலோ பருப்பும் அரை லிட்டர் எண்ணெயும் வாங்கிப் போகும். மீந்துபோகக்கூடிய முட்டையும் வாழைப்பழமும் தயிரும் அந்த அவசரத்திலேயே தீர்ந்துவிடும். அட்டை ஒருபோதும் பத்து நாள் முன்னால் தொங்குவதில்லை, ஊருக்குப் போக ஓரிரு நாள் இருக்கும்போதுதான் தொங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். யோசிக்க நேரம் தந்தால் வாடிக்கையாளர் யோசித்துவிடுவார். பிறகு 15-ஆம் தேதி ஏமாந்து நிற்பவர் ஒரு நாள்தானே என்று காத்திருப்பார். மறுநாள், இவ்வளவு காத்திருந்தோமே, இன்னும் இரண்டு நாள்தானே என்பார். பன்னிரண்டு நாளை மொத்தமாகச் சொன்னால் பொறுக்காதவர்களைச் சில்லறையாகப் பொறுக்க வைத்துவிடுகிறார். ஷாம்பு பாக்கெட் விற்றவருக்கு இது தெரியாதா?

சட்டம் இதில் உதவாது. கடைகள், நிறுவனங்களுக்கான 1947-ஆம் ஆண்டுச் சட்டம், வாரத்தில் ஒரு நாள் கடையை அடைக்க வேண்டும், எந்த நாள் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி நிரந்தரமாக எழுதி வைக்க வேண்டும், அதை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக் கூடாது என்றெல்லாம் சொல்கிறது. அது வார விடுமுறைக்கு. கொடைக்குப் போனவர் ஐந்தை ஆறாக்குவதைப் பற்றி அதில் பேச்சில்லை.

வருடம் முழுக்க காலை ஆறிலிருந்து இரவு பத்தரை வரை நிற்கிற மனிதர், ஒரு பன்னிரண்டு நாள் சொந்த ஊரில் இருந்துவிட்டு வருவதையா கணக்குப் பார்ப்பது என்று யாராவது கோபிக்கலாம். நியாயம். பன்னிரண்டு நாள் என்ன, இருபது நாள் இருந்துவிட்டு வரட்டும். அவர் காலுக்கு அந்த ஓய்வு தேவை. இங்கே குறை போனதில் இல்லை, எழுதியதில்தான். அரசு அலுவலகமே கூட, என்றைக்குத் திறக்காது என்பதையாவது ஆண்டு தொடங்கும் முன்பே பட்டியல் போட்டுச் சொல்லிவிடுகிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே, அண்ணாச்சி எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்து ரூபாய்க்குப் புளி, ஒரு பத்தை தேங்காய், “பெரியவன்ட்ட குடுத்து விடுங்க, அப்புறம் தர்றேன்” என்பதெல்லாம் அந்தச் செயலியில் எந்தப் பொத்தானில் இருக்கிறது? அவரை விட்டால் ஆள் இல்லை என்பதால்தான் ஐந்து ஆறாகிறது. கறிவேப்பிலை இல்லாத ரசம் பன்னிரண்டு நாள் கொதிப்பது கடனட்டைக்காரர் வீட்டில் இல்லை, பற்று நோட்டுக்காரர் வீட்டில். மாத நடுவில் கையில் காசில்லாதவர் வேறு கடைக்குப் போகவும் முடியாது. வேடிக்கையை விட்டுவிட்டுச் சொன்னால், அவர்களிடமாவது அடைப்பதற்கு முன் நிஜத் தேதியைக் காதோடு சொல்லியிருக்கலாம். சொல்வதில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஷட்டர் பாதி ஏறும். கேள்வி கேட்கத் தயாராக வருகிறவருக்கு முதல் வார்த்தையைப் பேச அண்ணாச்சி இடம் கொடுப்பதில்லை. “சாமி விட்டாத்தானே சார் வர முடியும்?” என்று முந்திக்கொள்வார். குங்குமமும் திருநீறும் மடித்த காகிதம் ஒன்று கைக்கு வரும். கூடவே ஊர்க் கருப்பட்டி ஒரு வட்டு, பனை ஓலை வாசனையோடு. சாமி பெயரைச் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு சாமியின் காரணத்தோடு சண்டை போட யாருக்கு மனசு வரும்? வாங்கிக்கொள்ளலாம், நல்ல கருப்பட்டி. மாசக் கடைசியில் பற்று நோட்டைக் கொண்டுவரும்போது, 23-ஆம் தேதிக்கு நேரே அது ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.